மாதவிடாய் வலிக்கு மாத்திரை எப்போது போட வேண்டும்?

“டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 20 வயசு. கம்பம் பக்கத்து ஊர். பி.காம் ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். லீவு நாள்ல அம்மாவோட ஜீப்புல கம்பம்மெட்டு ஏறி ஏலக்காய் எடுக்கப் போவேன். 13 வயசுல பெரிய மனுஷி ஆனேன். ஒரு வருஷம் கழிச்சு ஆரம்பிச்ச வலி, இப்பவும் மாசாமாசம் முதல் நாள் உயிர் போகுது. முந்தின ராத்திரியே இடுப்பு கனமா இருக்கும். அடிவயிறு, இடுப்பு, தொடை வரைக்கும் இழுக்கும், வாந்தி வரும், வயித்தால போகும். ஜீப்புல போறப்ப தாங்க முடியாம மாத்திரை போடுவேன், கொஞ்ச நேரத்துல வாந்தியில வந்துரும். உள்ளே தங்குற மாசத்துலயும் வலி பாதிதான் குறையுது, வாய் வறண்டு தூக்கமா வருது. ரெண்டாம் நாள் மத்தியானத்துக்கு மேல சரியாயிரும். மாத்திரை போட்டா பின்னாடி குழந்தை தங்காதுன்னு அப்பத்தா சொல்றாங்க. கல்யாணம் ஆனா சரியாப்போகும்னு அத்தை சொல்றாங்க. எங்க சித்திக்கு இதே மாதிரி வலி இருந்து 34 வயசுல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. எனக்கும் அப்படி ஏதாவது இருக்குமோன்னு பயமா இருக்கு. ஒத்தடம், நடை இதெல்லாம் உதவுமா? எப்ப பயப்படணும்?”

உன் கடிதத்தில் எனக்கு வேண்டிய விவரங்களில் பாதிக்கு மேல் இருக்கின்றன, அம்மா. வயதுக்கு வந்து ஒரு வருடம் கழித்துத்தான் வலி தொடங்கியது என்கிறாய். முந்தின இரவு லேசாகத் தொடங்கி, முதல் நாள் உச்சத்துக்குப் போய், இரண்டாம் நாள் மதியம் அடங்குகிறது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் கூடவே வருகின்றன. ஆறு வருடமாக அதே மாதிரிதான் இருக்கிறது. இந்த வரிசையைப் பார்த்தால், கர்ப்பப்பையில் வேறு நோய் எதுவும் இல்லாமல் மாதவிடாயே உண்டாக்கும் வலி என்றுதான் முதலில் தோன்றுகிறது. கடிதத்தை மட்டும் வைத்து உறுதியாக அப்படிச் சொல்லிவிட முடியாது. எப்படி உறுதி செய்வது என்பதையும் கீழே எழுதுகிறேன். ஆனால் உனக்கு இப்போதே தெரிய வேண்டியது வேறு. நீ மாத்திரை போடுகிற நேரம் தவறு, அளவும் போதவில்லை. அதனால்தான் அது கேட்கவில்லை.

வலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் நேரத்தின் கணக்கு தானாகப் புரியும். கருமுட்டை வெளிவந்த மாதத்தில் கரு தங்காவிட்டால், கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தாங்கிக்கொண்டிருந்த ஹார்மோன் குறைகிறது. அப்போது அந்தச் சவ்வு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை நிறையச் சுரக்கிறது. அது கர்ப்பப்பையின் தசையை இறுக்கிச் சவ்வை வெளியே தள்ள வைக்கிறது. தசை இறுகும்போது அதற்குள் ஓடும் ரத்தக் குழாய்களும் நெருக்கப்படுகின்றன. ரத்தம் போதாத தசை வலிக்கிறது. அதே பொருள் ரத்தத்தில் கலந்து குடலையும் இறுக்குவதால்தான் உனக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. நீ சாப்பிட்ட எதுவும் அதற்குக் காரணம் இல்லை. பெரிய மனுஷியான புதிதில் பல மாதங்களில் கருமுட்டை வெளிவருவதில்லை. அதனால்தான் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து இந்த வலி தொடங்குகிறது. உன் கதையும் அப்படியே இருக்கிறது. வலி அதிகமுள்ள பெண்களுக்கு இந்தப் பொருள் மற்றவர்களைவிட அதிகமாகச் சுரக்கிறது என்பது பல வருடங்களுக்கு முன்பே தெரிந்துவிட்டது. ஆகவே “எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதானே, நீ மட்டும் ஏன் இப்படித் துடிக்கிறே” என்று யாராவது கேட்டால், உன் உடம்பில் நடப்பது அவர்கள் உடம்பில் நடந்த அளவோடு நிற்கவில்லை என்பதே பதில்.

இபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், நாப்ராக்சென் ஆகிய மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கின்றன. இந்த வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்பதை ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1971-இல் ஆஸ்பிரினை வைத்துக் காட்டினார். அந்த வேலைக்காக 1982-இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். இவை புதிதாக உருவாவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சுரந்து தசையை இறுக்கிக்கொண்டிருப்பதை அழிக்காது. மடையை அடைத்தால் இனி வரும் தண்ணீர் நிற்கும், வயலில் புகுந்துவிட்ட தண்ணீர் வடிய நேரம் ஆகத்தான் செய்யும். நீ ஜீப்பில் தாங்க முடியாமல் போடும்போது வயல் நிறைந்துவிட்டது. குடலும் இறுகிப்போய் வாந்திக்குத் தயாராக இருக்கிறது. பத்து நிமிடத்தில் மாத்திரை வெளியே வந்துவிட்டால் அது உடம்பில் சேரவே இல்லை என்று அர்த்தம்.

இனி அளவு. நீ எழுதிய வாய் வறட்சியையும் தூக்கத்தையும் பார்த்தால், மெடிக்கல் ஷாப்பில் உனக்கு வெட்டிக் கொடுப்பது மெஃபனமிக் ஆசிட்டும் டைசைக்ளோமினும் சேர்ந்த மாத்திரையாக இருக்கலாம். நம் ஊரில் பீரியட்ஸ் வலி என்று சொன்னதும் பெரும்பாலும் அதைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். வழக்கமாக அதில் மெஃபனமிக் ஆசிட் 250 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. இருக்கும். மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் ஆசிட்டின் முதல் வேளை அளவே 500 மி.கி. ஆக, நீ போட்டதில் வேண்டிய மருந்து பாதிதான். வாயை வறட்டித் தூக்கம் வர வைத்தது டைசைக்ளோமின். அது குடல் பிடிப்பைத் தளர்த்தும் மருந்து. புரோஸ்டாகிளாண்டினை அது தடுக்காது. சரி, அப்படியானால் இரண்டாகப் போட்டுவிடலாமே என்று நினைக்காதே. டைசைக்ளோமினும் இரட்டிப்பாகும், தலைசுற்றலோடு மலைச் சரிவில் நிற்பது ஆபத்து. அடுத்த முறை கடையில் அட்டையை வாங்கி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார். பேர் தெரியாத உதிரி மாத்திரையை வாங்காதே.

நான் உனக்குச் சொல்வது இபுப்ரோஃபென் 400 மி.கி. ஒரு தடவை உன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கம்பம் அரசு மருத்துவமனையிலோ டாக்டரைப் பார்த்து, உனக்கு இது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொள். அப்புறம் மாதாமாதம் நீயே இப்படிச் செய்யலாம். இடுப்பு கனக்கத் தொடங்கியதும், அல்லது முதல் சொட்டு பட்டதும், இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே ஏதாவது சாப்பிட்டுவிட்டு முதல் மாத்திரை. வெறும் வயிற்றில் வேண்டாம். ராத்திரி 9 மணிக்கு இடுப்பு கனத்தால், சாப்பிட்ட கையோடு ஒன்று. காலை ஐந்தரைக்கு நாலு இட்லியோ ஒரு டம்ளர் கஞ்சியோ குடித்துவிட்டு அடுத்தது. ஜீப் ஏறும் நேரத்தில் அது வேலை செய்யத் தொடங்கியிருக்கும். மதியம் ஒன்றரைக்குச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டதும் இன்னொன்று, ராத்திரி 9 மணிக்குச் சாப்பாட்டுக்குப் பின் இன்னொன்று. மறுநாள் காலையும் மதியமும். உன் வலி வழக்கமாக அடங்கும் நேரம் தாண்டியதும் நிறுத்திவிடு. 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது, மூன்று நாளுக்கு மேலும் வேண்டாம். வலி இல்லையே என்று நடு வேளையை விட்டுவிடாதே. வலி இல்லாமல் இருப்பதே அந்த வேளை மாத்திரையால்தான். விட்டுவிட்டு மறுபடி வலி ஏறியதும் போட்டால் பழைய கதைதான். வாந்தியில் மாத்திரை முழுசாக வெளியே வந்தது கண்ணில் பட்டால் மட்டும், கொஞ்சம் ஆறவிட்டு, ஏதாவது சாப்பிட்டு இன்னொன்று போடலாம். சந்தேகமாக இருந்தால் அடுத்த வேளை வரை பொறு.

யார் இதைப் போடக் கூடாது என்பதையும் தெரிந்துகொள். வயிற்றுப் புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், வலி மாத்திரை போட்டால் மூச்சு இளைப்போ தடிப்போ வந்தவர்கள் போடக் கூடாது. கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அது தெளியும் வரை கூடாது. காய்ச்சல் அடிக்கும்போது போடாதே. அது டெங்குவாக இருந்தால் இந்த மாத்திரை ரத்தக் கசிவைக் கூட்டும். ஒரே நாளில் இபுப்ரோஃபென் ஒரு பக்கம், டைக்ளோஃபெனாக் ஊசி இன்னொரு பக்கம் என்று இரண்டு வகையைச் சேர்க்காதே. மெஃபனமிக் ஆசிட்டுக்கு அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரலாம் என்று 2023 கடைசியில் அரசின் மருந்துத் தர அமைப்பு ஓர் எச்சரிக்கை விட்டது. எந்த மாத்திரை போட்டிருந்தாலும் பின்பு காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு எழும்பினால், சில வாரம் கழித்து வந்தாலும் சரி, மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

தோட்ட வேலைக்குப் போகிற பெண்களிடம் நான் தவறாமல் கேட்பது தண்ணீரைப் பற்றி. மேலே கழிப்பறை கிடையாது, ஒதுங்க இடம் கிடையாது. அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் போய், தண்ணீரும் குடிக்காமல், இந்த மாத்திரையை மட்டும் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் அது தண்ணீர் போதாது என்று உடம்பு சொல்வதுதான். ஒரு லிட்டர் பாட்டிலாவது காலியாக வேண்டும். வாந்தி அதிகமான நாளில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் கொண்டுபோ. அதுவும் தங்கவில்லை என்றால் அன்றைக்கு மலை ஏறாதே, மாத்திரையும் போடாதே, ஆஸ்பத்திரிக்குப் போ. பெண்களுக்கு ஒரு மறைப்பு கட்டித் தரச் சொல்லி உன் அம்மாவும் கூட வருகிறவர்களும் சேர்ந்து கங்காணியிடம் கேட்க வேண்டும். ஒருத்தியாகக் கேட்டால் நடக்காது. இதை மருத்துவம் இல்லாத விஷயமாக நான் நினைக்கவில்லை.

அடுத்து ஒத்தடம். இது பாட்டி வைத்தியம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அடிவயிற்றில் 39 டிகிரி சூட்டை மணிக்கணக்காக விடாமல் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்றில், அது இபுப்ரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை போட்டதற்குச் சமமாக வலியைக் குறைத்தது. இரண்டும் சேர்ந்தபோது வலி சீக்கிரமே அடங்கியது. 39 டிகிரி என்பது உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கொதிக்கக் கொதிக்க வைப்பதால் பலன் கூடாது, இதமான சூடு விடாமல் இருப்பதில்தான் பலன். வீட்டில் கல் உப்பைத் தோசைக்கல்லில் வறுத்து, தடித்த துணியில் முடிந்து, முன்கையின் உள்பக்கம் வைத்துப் பார்த்துவிட்டு அடிவயிற்றில் வை. ரப்பர் பையானால் மூன்றில் இரண்டு பங்கு சுடுதண்ணீர் ஊற்று, கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், காற்றை அமுக்கி வெளியேற்றிவிட்டு மூடு, துண்டைச் சுற்று. 20 நிமிடம் வைத்து எடு, கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி வை. வலி உணர்வு மரத்துப்போகும் அளவுக்குச் சூடாக வைத்துக்கொண்டு தூங்கிவிடாதே. வயிற்றில் வலைபோலப் பழுப்புக் கோடுகள் விழுந்த பெண்களைப் பார்க்கிறேன். வருடக்கணக்காக அதிகச் சூடு வைத்ததால் வருவது அது. வேலை நாளில் உப்பு முடிச்சைக் கொண்டுபோக முடியாது. பாவாடைக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பட்டி மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் கிடைக்கும். அது எட்டு மணி நேரம் வரை தாங்கும். அந்தச் செலவு முடியாவிட்டால் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் 20 நிமிடம் ஒத்தடம் கொடுத்துவிட்டு, மேலே குளிருக்கு வயிற்றைச் சுற்றி ஒரு கம்பளித் துணியைக் கட்டிக்கொண்டு போ.

நடையைப் பற்றிச் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது, ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு வலி கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். வேக நடையும் யோகாவும் இரண்டுமே பலன் தந்தன. வலி நாளில் மட்டும் நடப்பது போதாது, மாதம் முழுக்கச் செய்ய வேண்டும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். நான் நாள் முழுக்க ஏலச் செடியடியில் குத்தவைத்துக் காய் எடுக்கிறேனே, அது உடற்பயிற்சி இல்லையா என்று நீ கேட்கலாம். அது உழைப்புதான், ஆனால் இடுப்பை மடக்கி ஒரே இடத்தில் இருக்கும் உழைப்பு. ஆய்வில் பலன் தந்தது மூச்சு வாங்க நடப்பதும் உடம்பை நீட்டி விரிப்பதும்தான். கல்லூரி நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பதிலாக ஒரு ஸ்டாப் தள்ளிப் போய் நடந்து ஏறினால்கூட அந்த நேரத்தில் ஒரு பகுதி வந்துவிடும். வலி நாளன்று, மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே மெதுவாக நட. மண்டிபோட்டு உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்துச் சில நிமிடம் மூச்சை இழுத்துவிடு. காய் எடுக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து இடுப்பை நிமிர்த்து. ஜீப் குலுக்கலால் கர்ப்பப்பை இறங்கிவிடாது, அந்தப் பயம் வேண்டாம்.

வீட்டில் இஞ்சிச் சாறோ சுக்கு மல்லிக் காபியோ கொடுத்தால் குடி. இஞ்சிக்குச் சிறிய ஆய்வுகளில் ஓரளவு பலன் தெரிந்திருக்கிறது. அதை மாத்திரைக்குப் பதிலாக வைக்காதே.

அப்பத்தா சொல்வதைப் பற்றி. மாதவிடாயின் இரண்டு மூன்று நாள் இந்த மாத்திரை போடுவதால் கர்ப்பப்பை கெடாது, பின்னால் குழந்தை தங்குவதற்கும் தடை வராது. மருந்து ஒரு நாளைக்குள் உடம்பை விட்டுப் போய்விடும். அவர்களுடைய பயத்தைக் குறை சொல்லாதே, பேத்திக்குக் கெடுதல் வரக் கூடாது என்ற அக்கறைதான் அது. அத்தை சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு பலருக்கு இந்த வலி குறைகிறது. ஆனால் கல்யாணம் சிகிச்சை இல்லை. உள்ளே வேறு நோய் இருந்தால் கல்யாணமும் பிரசவமும் அதைச் சரிசெய்வதில்லை. அத்தை வார்த்தையை நம்பி நாலைந்து வருடம் பொறுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கனத்துப்போகிறது.

இனி நீ பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பப்பையின் உள்சவ்வைப் போன்ற திசு, கர்ப்பப்பைக்கு வெளியே அதைச் சுற்றியுள்ள இடங்களிலும் சினைப்பையிலும் குடலின் மேலும் வளர்வதை எண்டோமெட்ரியோசிஸ் என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருத்திக்கு இது இருக்கிறது. குமுளிப் பக்கத் தோட்டத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு அப்போது 23 வயது. அவளுக்கும் வாந்தி, அடிவயிற்று வலி எல்லாம் உன்னைப் போலத்தான். ஆனால் வித்தியாசங்கள் இருந்தன. முன்பு முதல் நாள் மட்டும் இருந்த வலி, வருடம் போகப்போக மூன்று நாள் முன்னதாகவே தொடங்கி, ரத்தம் நின்ற பிறகும் நீடித்தது. மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தி குத்துவது போல வலிக்கும் என்றாள். மாதவிடாய் இல்லாத நாளிலும் இடது பக்கம் வலித்தது. மாத்திரையை நேரத்துக்கு, சரியான அளவில் போட்டும் பாதிகூடக் குறையவில்லை. ஏற்கெனவே எடுத்திருந்த இரண்டு ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்று எழுதியிருந்தது. அதனால் வீட்டில் அவளை நடிக்கிறாள் என்றே நினைத்தார்கள். மூன்றாவது ஸ்கேனில் இடது சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய 4 செ.மீ. கட்டி தெரிந்தது. ஹார்மோன் மாத்திரை தொடங்கி நாலாவது மாதம் அவள் வலி நாளில் எழுந்து சமைத்தாள். கர்ப்பப்பை அப்படியே இருக்கிறது.

அவள் கதையில் நீ பிடித்துக்கொள்ள வேண்டியது, நார்மல் ஸ்கேன் என்பது நோய் இல்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான். சவ்வின் மேல் மெல்லியதாகப் படர்ந்திருப்பது ஸ்கேனில் தெரியாது. ஆகவே ஸ்கேன் தாளைவிட உன் வலியின் நடத்தை முக்கியம். ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொள். மாதவிடாய் தொடங்கிய தேதி, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க், மாத்திரை போட்ட மணி, எத்தனை மணி நேரத்தில் குறைந்தது, வேலையோ வகுப்போ விட்டாயா, மலம் சிறுநீர் கழிக்கும்போது வலி இருந்ததா, மற்ற நாளில் வலி வந்ததா என்று எழுது. மூன்று மாதவிடாய்க்கு இதைச் செய். நான் சொன்னபடி போட்டு, ஒத்தடமும் கொடுத்து, 9 மார்க் வலி 3, 4-க்கு இறங்கி நீ எழுந்து நடமாட முடிந்தால், இது வெறும் மாதவிடாய் வலிதான் என்ற எண்ணம் வலுப்படும். அதே முறையைத் தொடரலாம். மூன்று முறை சரியாகப் போட்டும் வலி அசையவில்லை என்றால், உள்ளே வேறு காரணத்தைத் தேட வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அந்தப் பெண்ணுக்கு இருந்த மாற்றங்களில் ஏதாவது உன்னிடம் தென்பட்டால் மூன்று மாதம்கூடக் காத்திருக்காமல் மகப்பேறு மருத்துவரிடம் போ. ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, அப்படியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனாலும் உடனே போக வேண்டும். மாதாமாதம் பெரிய கட்டிகளாக ரத்தம் போனாலும், படி ஏறினால் மூச்சு வாங்கினாலும் காட்ட வேண்டும். அப்போது ரத்தத்தில் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல். 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை.

சில நிலைமைகளில் நோட்டும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். திடீரென்று ஒரு பக்கமாகப் பிடித்த கடும் வலியோடு வாந்தி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய விஷயம், தாமதித்தால் சினைப்பையை இழக்க நேரும். காய்ச்சலும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் கிருமித் தொற்று. நாள் தள்ளிப்போயிருக்கும்போது வலியும் மயக்கமும் வந்தால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், உயிருக்கே ஆபத்து. இது மணமான பெண்களுக்கு மட்டும் என்று நினைத்து மறைத்துவிடாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். மேலே தோட்டத்தில் இருக்கும்போது நடந்தால் கம்பத்துக்கு இறங்கத்தான் வேண்டும் என்றில்லை. கேரளப் பக்கத்திலும் 108 ஓடுகிறது, எது அருகோ அங்கே போ.

பரிசோதனை என்றாலே உள்ளே கைவிட்டுப் பார்ப்பார்கள் என்று பயந்து பெண்கள் வராமல் இருக்கிறார்கள். உன் விஷயத்தில் அது தேவையில்லை. வயிற்றை அழுத்திப் பார்ப்பதும், நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிறைந்தபின் வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனும் முதலில் போதும். வேறு எதைச் செய்வதானாலும் உன் சம்மதம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதும் உன் உரிமை. அவர்கள் அடுத்த கட்டமாக ஹார்மோன் மாத்திரை எழுதலாம். குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையே அது என்று வீட்டில் பதறலாம். உள்சவ்வு மெலிந்தால் புரோஸ்டாகிளாண்டினும் குறையும் என்பதற்காக அதைத் தருகிறோம், நிறுத்தியதும் கருமுட்டை மறுபடி வரத் தொடங்கிவிடும். கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தம் உறைந்த வரலாறு உனக்கோ வீட்டிலோ இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடு, அப்போது வேறு வகையைத் தேர்ந்தெடுப்பார்கள். மேல் சிகிச்சை தேவைப்பட்டால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

சித்தியைப் பற்றி ஒரு வேலை உனக்கு இருக்கிறது. 34 வயதில் கர்ப்பப்பையை எடுத்தார்கள் என்றால் கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பைச் சுவரே தடித்த நோயாக இருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸாகவும் இருக்கலாம். கடைசியது அம்மாவுக்கோ கூடப்பிறந்தவளுக்கோ இருந்தால் ஒரு பெண்ணுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது, சித்தி அதிலிருந்து ஒரு படி தள்ளி. எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டும் டிஸ்சார்ஜ் சீட்டும் அவர்கள் பெட்டியில் கிடக்கும். தேடித் தரச் சொல்லி, உன் நோட்டோடு சேர்த்துக் கொண்டுபோய் டாக்டரிடம் காட்டு. அம்மாவிடமும், அவர்களுக்கு இளம் வயதில் எப்படி இருந்தது என்று கேட்டு அதையும் எழுதிக்கொண்டு போ.